போட்டோவில் வந்த மூன்று கம்பி கோட்டேஷன்: எது உண்மையில் குறைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்களும் சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது கம்பி வாங்குவது பற்றித்தான். மூன்று கடைகளில் விலை கேட்டிருப்பார்கள், மூன்றும் வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக வந்திருக்கும். "அண்ணே, இதுல எது கம்மின்னு பாத்து சொல்லுங்க" என்பார்கள். பத்து வருடத்துக்கு மேலாக சைட்டுக்குப் பொருள் வாங்கும் வேலைதான் பார்க்கிறேன். ஒரே ஒரு கேஸை எடுத்து, கேள்விகளுக்கு அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

திருச்சியில் ஒரு வீட்டு வேலை. 12 எம்எம் டிஎம்டி கம்பி 150 தேவை, ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம். மூன்று கடைகளும் எஃப்இ 550டி கிரேடுக்குத்தான் விலை கொடுத்தன. முதல் கடை பேடு தாளில் கையால் எழுதி, கிலோ 58.50, ஜிஎஸ்டி தனி, குடோன் விலை, இன்று மட்டும் என்றது. இரண்டாவது கடையிலிருந்து கம்ப்யூட்டர் பிரிண்ட் வந்தது: டன் 68,500, ஜிஎஸ்டி உட்பட, சைட் டெலிவரி, விலை மூன்று நாள் செல்லும். மூன்றாவது, பீஸ் 690, நெட், சைட் டெலிவரி, விலை ஏழு நாள் செல்லும். கம்பி விலை நாளுக்கு நாள் மாறும். அதனால் இந்த விலைகளை விட்டுவிட்டு கணக்கைப் பாருங்கள்.

போட்டோல நம்பர் சரியா தெரியல. 58.50-ஆ, 53.50-ஆ? எப்படிக் கண்டுபிடிப்பது?

உற்றுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த முதல் கடைத் தாளில் இதே சிக்கல்தான். 8-இன் மேல் வளையம் மூடாமல் 3 போலத் தெரிந்தது. மொத்தத் தொகை எழுதிய இடத்தில் போட்டோ எடுத்தவரின் விரல் நிழல் விழுந்திருந்தது. ஆனால் அதற்கு மேல் வரியில் "ஜிஎஸ்டி 18% – 16848" என்பது தெளிவாக இருந்தது.

16,848-ஐ 0.18-ஆல் வகுத்தால் 93,600. அதை 150 கம்பியின் எடையான 1,600 கிலோவால் வகுத்தால் 58.50. விலை 53.50 ஆக இருந்திருந்தால் வரி 15,408 என்று வந்திருக்கும். ஆக, அது 8-தான். ஒரு கோட்டேஷனில் விலை, அளவு, தொகை, வரி, மொத்தம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒன்று தெரியாவிட்டால் மற்றவற்றிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பிடித்துவிடலாம். போனில் எழுத்தைப் படித்துத் தரும் வசதியைப் பயன்படுத்தினாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது. கையெழுத்தில் 1-ஐ 7 என்றும், தொகைக்குப் பின் போடும் சாய்கோட்டை 1 என்றும் அது எடுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்னோக்கிப் போக வழியில்லாத தாள் என்றால், "கிலோ ஐம்பத்தெட்டு ரூபாய் ஐம்பது பைசா, சரிதானே?" என்று எழுத்தால் மெசேஜ் போட்டு பதில் வாங்குங்கள். போனில் கேட்டால் பதில் கிடைக்கும், ஆதாரம் கிடைக்காது. இன்னொன்று, போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். தாளின் அடிப்பகுதி முழுதாக வந்திருக்கிறதா, பின்பக்கம் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏன் என்பது கீழே விலைக்கெடு பற்றிய கேள்வியில் வரும்.

ஒருத்தர் கிலோ, ஒருத்தர் டன், ஒருத்தர் பீஸ் ரேட் கொடுத்திருக்கார். எப்படி ஒப்பிடுவது?

எல்லாவற்றையும் "வரியோடு, சைட்டுக்கு வந்து சேர, கிலோ எவ்வளவு" என்ற ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முதலில் எடை தெரியவேண்டும். கம்பியின் விட்டத்தை எம்எம் கணக்கில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம்முக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889. இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 1786 பட்டியலில் இது 0.888 கிலோ என்று இருக்கிறது. 12 மீட்டர் கம்பி சுமார் 10.67 கிலோ, 150 கம்பி 1,600 கிலோ.

முதல் கடை: 1,600 கிலோவுக்கு 93,600, வரி 16,848, ஆக 1,10,448. குடோன் விலை என்பதால் ஏற்றுகூலி 500, லாரி வாடகை 2,500 நம் கையிலிருந்து. மொத்தம் 1,13,448.

இரண்டாவது கடை: 1.6 டன்னுக்கு 1,09,600. வரியும் வண்டியும் அதிலேயே அடக்கம்.

மூன்றாவது கடை: 150 பீஸ் 690 வீதம் 1,03,500.

இறக்குகூலி மூன்றுக்குமே நம் செலவுதான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டதால் அதை விட்டுவிட்டேன். முதல் பார்வையில் 58.50 என்று இருந்த கடைதான் கடைசியில் அதிக விலை. வீட்டுக்காரர் முதலில் கேட்டது அந்தக் கடைக்குத்தான் போகலாமா என்று.

அப்படின்னா பீஸ் ரேட் கடைதான் 6,100 ரூபாய் குறைவு. வாங்கிடலாமா?

ஒரு கம்பி எத்தனை கிலோ என்று அந்தத் தாளில் இல்லை. அதனால் இன்னும் முடிவு செய்ய முடியாது. பீஸ் விலையில் கம்பி இளைத்தாலும் விலை இளைக்காது.

நேரில் போய், கடையில் கிடந்த வெட்டுத் துண்டிலிருந்து சரியாக ஒரு மீட்டர் அளந்து தராசில் வைத்தோம். 810 கிராம் காட்டியது. இருக்கவேண்டியது 888. இந்த அளவுக் கம்பிக்கு ஒரு லாட்டின் எடை 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஐஎஸ் 1786 அனுமதிக்கிறது. அதாவது மீட்டருக்கு 844 கிராம் வரை இறங்கலாம். 810 என்பது கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவு.

இப்போது மறுபடி கணக்குப் போடுங்கள். 810 கிராம் என்றால் ஒரு கம்பி 9.72 கிலோ, 150 கம்பி 1,458 கிலோ. 1,03,500-ஐ அதால் வகுத்தால் கிலோ கிட்டத்தட்ட 71 ரூபாய். இரண்டாவது கடை 68.50. மூன்றில் மலிவாகத் தெரிந்தது இரண்டாவது கடையை விடவே கிலோவுக்கு இரண்டரை ரூபாய் அதிகம்.

"எண்ணிக்கை 150-தானே, எடை எதுக்கு?" என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி. இன்ஜினியர் 150 என்று எழுதும்போது ஒவ்வொரு கம்பியின் வெட்டுப்பரப்பும் 113 சதுர எம்எம் இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறார். 9 சதவீதம் இளைத்த கம்பியில் அது 103-க்கு வந்துவிடும். ஸ்லாபுக்குள் போகவேண்டிய இரும்பு குறைந்துபோகும். அதே இரும்பை ஈடுகட்ட 165 கம்பி வேண்டும், அதற்கு 1,13,850 ரூபாய் ஆகும். அப்படிக் கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டவும் நான் சொல்லமாட்டேன். தர அளவுக்கு வெளியே இருக்கும் கம்பி, என்ன விலையானாலும் வேண்டாம்.

பீஸ் விலை கொடுக்கும் கடைகள் எல்லாம் ஏமாற்றுகின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. சரியான எடையுள்ள கம்பியையே பீஸ் கணக்கில் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கம்பிக்கு எத்தனை கிலோ என்று கோட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

'ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா', 'உட்பட', 'நெட்' – மூணும் போட்டிருக்காங்க. 'நெட்'னா வரி சேர்ந்ததா?

நெட் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். தள்ளுபடி போக என்று ஒருவர் சொல்வார், வரியோடு சேர்த்து என்று இன்னொருவர். மூன்றாவதாக ஒரு அர்த்தம் உண்டு: பில் கிடையாது என்பது. அதனால் "18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துப் பில் போட்டு இந்த விலையா?" என்று ஒரே வரியில் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் எடை, கிரேடு எதில் குறை வந்தாலும் அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று காட்ட ஒன்றும் இருக்காது.

கடை தமிழ்நாட்டில் இருந்தால் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துக் காட்டுவார்கள். பாண்டிச்சேரியிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ வந்தால் ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக இருக்கும். மொத்தச் சதவீதம் ஒன்றுதான். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. எண் மொத்தம் 15 எழுத்து. போட்டோவில் தெரியும் எண்ணை gst.gov.in தளத்தில் போட்டுத் தேடினால் கடைப் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டி வாடகையையும் கவனியுங்கள். கடைக்காரரே வண்டி ஏற்பாடு செய்து, வாடகையைத் தன் கம்பி பில்லில் சேர்த்தால் அதன்மேலும் அதே 18 சதவீதம் வரும். மேலே முதல் கடைக்கு நான் போட்ட 2,500 லாரிக்காரரிடம் நாமே நேராகக் கொடுப்பது. அதையே பில்லில் ஏற்றினால் 2,950.

எனக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கு. வரியைக் கழிச்சுப் பார்க்கணுமா?

அடுத்தவருக்குக் கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் என்றால், ஆமாம். உங்கள் கான்ட்ராக்ட் பில்லில் நீங்கள் வரி போடுகிறீர்கள். அதில் கம்பிக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதனால் வரி நீங்கிய விலையை ஒப்பிடுங்கள். இரண்டாவது கடையின் 1,09,600-ஐ 1.18-ஆல் வகுத்தால் சுமார் 92,881. முதல் கடைக்கு 93,600-உடன் கூலியும் வாடகையும் சேர்த்து 96,600. 18 சதவீதத்தை எடுக்க 1,09,600-இலிருந்து 18 சதவீதம் கழிப்பது தப்பு, 1.18-ஆல் வகுக்கவேண்டும். இந்தத் தப்பைப் படித்தவர்களே செய்கிறார்கள்.

சொந்த வீடோ, தன் கடைக்கான கட்டடமோ கட்டினால் பதிவு இருந்தும் அந்தக் கிரெடிட் கிடையாது. ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. அப்போது வரியோடு சேர்ந்த விலைதான் உங்கள் விலை.

சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் வரி தனியாக வசூலிக்கமுடியாது. அவர் பில்லில் உங்களுக்குக் கிரெடிட்டும் வராது. கான்ட்ராக்டருக்கு அவர் விலை முழுவதும் செலவு. வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஒரே மூன்று கோட்டேஷன் ஆளுக்கு ஆள் வேறு வரிசையில் வருவதற்கு இது ஒரு காரணம்.

'சைட் டெலிவரி'ன்னா வீட்டு வாசல் வரைக்குமா?

லாரி போகும் இடம் வரை. 12 மீட்டர் கம்பியைப் பாதியில் வளைத்து மடக்கித்தான் ஏற்றிவருவார்கள், அப்படியும் ஆறு மீட்டர் நீளம் இருக்கும். தெரு திரும்பவில்லை என்றால் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து சுமந்துவர உங்கள் ஆட்கள் வேண்டும். கோட்டேஷன் கேட்கும்போதே தெருவின் லொகேஷனையும் ஒரு போட்டோவையும் அனுப்பி, "வண்டி உள்ளே வருமா, எங்கே இறக்குவீர்கள்?" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

எத்தனை நாளில் வந்து சேரும் என்பதையும் பாருங்கள். இரண்டாவது கடை டெலிவரிக்கு "2–3 நாள்" என்றது, ஆனால் எந்த நாளிலிருந்து என்று எழுதவில்லை. கேட்டதற்கு, முழுப் பணம் வந்த பிறகு, அந்தப் பக்கம் போகும் வேறு லோடோடு சேர்த்து அனுப்புவோம் என்றார்கள். ஒன்றரை டன்னுக்குத் தனி வண்டி விடமாட்டார்கள், அது நியாயம்தான். முதல் கடையில் அன்றைக்கே கிடைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 3,848 ரூபாய். கம்பி கட்டும் ஆட்கள் வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் நிலை என்றால் முதல் கடையே நல்லது. எங்களுக்கு ஸ்லாப் வேலைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

'ரேட் 7 நாள் செல்லும்'னு போட்டிருக்கு. ஏழாவது நாள் பணம் கட்டினா அதே விலைதானே?

அப்படி நம்பி நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஏழு நாள் என்று எழுதிய கோட்டேஷன், ஐந்தாவது நாள் பணம் போட்டேன். பில் கிலோவுக்கு 1.20 கூடி வந்தது. கேட்டால் தாளின் அடியில் பாருங்கள் என்றார்கள். எனக்கு வந்த போட்டோவில் அந்த அடிப்பகுதி இல்லை. கடைக்குப் போய் அசல் தாளைப் பார்த்தேன். "அனுப்பும் நாளில் உள்ள விலையே பில் செய்யப்படும்" என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதிலிருந்து முழுத் தாள் வராமல் நான் ஒப்பிடவே உட்காருவதில்லை.

மூன்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாள் எதிலிருந்து எண்ணப்படுகிறது? தாளில் தேதி இருந்தால் அதிலிருந்து. இல்லாவிட்டால் தேதி போட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள், போட்டோ வந்து சேர்ந்த நாளை நீங்களாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அந்த நாளுக்குள் என்ன நடக்கவேண்டும்: ஆர்டரா, பணமா, டெலிவரியா? பணம் போட்டபின் விலை ஏறினால் யார் கணக்கு?

சட்டத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, நாம் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும் வரை, கொடுத்தவர் தன் விலையைத் திரும்பப் பெறலாம். ஏழு நாள் என்று எழுதியிருப்பது மட்டும் அவரைக் கட்டிப்போடாது. அதனால் விலை பிடித்திருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல், "இந்தத் தேதி கோட்டேஷனை ஏற்றுக்கொள்கிறோம்" என்று எழுத்தில் உடனே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், திங்கட்கிழமை வந்த தாளையும் வெள்ளிக்கிழமை வந்த தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. இடையில் சந்தை மாறியிருக்கும். மூவரிடமும் ஒரே நாள் காலையில் கேளுங்கள்.

எக்செல்ல போட ஒரு ஃபார்முலா இருந்தா சொல்லுங்க.

பி: எடை கிலோவில். சி: கிலோ விலை. டி: தனியாக வரும் வரி, 18 சதவீதத்துக்கு 0.18, விலையிலேயே சேர்ந்திருந்தால் 0. இ: கூலி, வாடகை.

```
=(B2*C2*(1+D2)+E2)/B2
```

வருவது சைட்டுக்கு வந்து சேரும் கிலோ விலை. முதல் கடைக்கு 70.91, இரண்டாவதுக்கு 68.50. பீஸ் விலை என்றால், அளந்து பார்த்த ஒரு கம்பியின் எடையால் அதை வகுத்து சி-யில் போடுங்கள். பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் விலை எந்தத் தேதி வரை என்றும் எழுதுங்கள்.

ஒரு கடை கோட்டேஷனை இன்னொரு கடைக்கு ஃபார்வர்டு பண்ணிப் பேரம் பேசலாமா?

நான் செய்யமாட்டேன். அது ஒருவர் நம்பிக் கொடுத்த விலை. "வரியோடு சைட்டுக்கு 68.50-க்குக் கிடைக்கிறது, உங்களால் முடியுமா?" என்று எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் போதும். முதல் கடைக்காரரிடம் அப்படித்தான் கேட்டேன். 58-க்கு இறங்கினார். வண்டி, கூலி சேர்த்தால் அப்போதும் கிலோ 70 ரூபாய்க்கு மேலேயே நின்றது.

கடைசியில் எதை வாங்கினீங்க? லோடு வந்ததும் என்ன பார்க்கணும்?

இரண்டாவது கடையில். "1.6 டன், டன் 68,500 வரியோடு, பில் எடைமேடைச் சீட்டுப்படி, பணம் வந்த மூன்று நாளுக்குள் டெலிவரி, இடையில் விலை மாறாது" என்று எழுதி அனுப்பி, அவர் "ஓகே" என்று பதில் போட்ட பிறகு 1,09,600 அனுப்பினோம்.

மூன்றாவது நாள் காலையில் லாரி வந்தது. சைட்டுக்கு முன்னால் இருக்கும் எடைமேடையில் லோடோடு ஒருமுறை, இறக்கிய பிறகு காலி வண்டியை ஒருமுறை நிறுத்தி எடை போட்டோம். எடைமேடைக்கு வரும்போது அந்த வண்டியில் வேறு லோடு இல்லாததால் இது சுலபமாக முடிந்தது. வேறு சைட் சரக்கும் இருந்திருந்தால் நம்முடையதை இறக்குவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டிருக்கவேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில் வேண்டும், அதையும் டிரைவரிடம் வாங்கிப் பார்த்தேன். கம்பியை எண்ணினோம், 150 இருந்தது. சீட்டில் நிகர எடை 1,590 கிலோ. ஒரு கம்பிக்கு 10.6 கிலோ, அளவுக்குள்தான்.

பில் 1,08,915-க்குப் போட்டு வந்தது. மீதி 685 ரூபாயை அன்று மாலையே கடைக்காரர் வீட்டுக்காரர் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.